கிம்பல் லாக், ஆய்லர் கோணங்கள், குவாட்டர்னியன்: சுழற்சிக் கீஃப்ரேம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்குகள் எல்லாம் பிளெண்டரில் ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொல்லப்பட்டவை: ஒரு சிறிய விமானம். அதன் மூக்கு +X பக்கம், முதுகு +Z பக்கம். சுழற்சி முறை `XYZ Euler`, அதாவது புதிதாகச் சேர்க்கும் எந்தப் பொருளுக்கும் பிளெண்டர் தானாகத் தருவது. இந்த அமைப்பில் X விமானத்தை உருட்டும், Y மூக்கை ஏற்றி இறக்கும், Z திசையைத் திருப்பும். மூக்கு மேலே போக Y கோணம் எதிர்மறையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: Y = -90 என்றால் மூக்கு நேராக வானத்தைப் பார்க்கிறது.

இரண்டு கீயிலும் விமானம் சரியாக நிற்கிறது. நடுவில் மட்டும் ஏன் பம்பரமாகச் சுற்றுகிறது?

கீ இரண்டும் சரியான நிலையைக் காட்டினாலும், அந்த நிலைகளை எழுதியிருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. கணினி நிலைகளைப் பார்த்து இடைப்பட்ட பிரேம்களை நிரப்புவதில்லை. எண்களைப் பார்த்துத்தான் நிரப்புகிறது.

விமானம் வானில் ஒரு முழு வளையம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் பிரேமில் மூக்கு 80 டிகிரி ஏறியிருக்கிறது. 20-ஆம் பிரேமில் செங்குத்தைக் கடந்து 100 டிகிரிக்கு வந்துவிட்டது. இடையில் நடக்க வேண்டியது வெறும் 20 டிகிரி அசைவு. கையால் கீ வைத்தால் (0, -80, 0), (0, -100, 0) என்று எழுதுவீர்கள், சிக்கல் வராது. ஆனால் இந்த இயக்கம் வேறொரு மென்பொருளிலிருந்தோ ஸ்கிரிப்டிலிருந்தோ வந்தால் கதை வேறு. மேட்ரிக்ஸிலிருந்து கோணங்களைப் பிரித்தெடுக்கும் பல நிரல்கள் நடுக் கோணத்தை ஆர்க்சைன் வழியாகக் கணக்கிடுகின்றன. ஆர்க்சைன் -90-க்கும் 90-க்கும் வெளியே எதையும் தராது. ஆகவே 100 டிகிரி ஏறிய நிலை (180, -80, 180) என்று எழுதப்பட்டு வரும். தவறில்லை, அதுவும் அதே நிலைதான். மூன்று எண்களும் வேறு, விமானம் நிற்கும் விதம் ஒன்று.

இப்போது இடைப்பட்ட பிரேம்களைப் பாருங்கள். (0, -80, 0)-இலிருந்து (180, -80, 180)-க்குப் போக வேண்டும். Y அசையவே இல்லை. X, Z இரண்டும் 0-விலிருந்து 180-க்கு ஏறுகின்றன. 15-ஆம் பிரேமில் எண்கள் (90, -80, 90). அந்த நேரத்தில் விமானத்தின் முதுகு, இருக்க வேண்டிய பக்கத்துக்கு ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும். 20-ஆம் பிரேமுக்குள் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்துவிடும். 20 டிகிரிக்குப் பதில் 360.

இதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. அதே கீயை (-180, -80, 180) என்று மாற்றி எழுதுங்கள். X-இல் 180-உம் -180-உம் ஒன்றுதானே. பம்பரச் சுழற்சி போய்விடும். மூக்கு மட்டும் செங்குத்துப் புள்ளி வழியாகப் போகாமல், அதைச் சுற்றி 10 டிகிரி ஆரத்தில் ஓர் அரைவட்டம் போட்டு மறுபக்கம் சேரும். ஒரு கழித்தல் குறிக்கு இவ்வளவு சக்தி ஏன் என்பதுதான் அடுத்த கேள்வியின் விடை.

கிம்பல் லாக் என்றால் பொருளைச் சுழற்றவே முடியாமல் போவதா?

அப்படி இல்லை. எந்த நிலைக்கும் பொருளைக் கொண்டுபோகலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு நிலையில் நின்றுகொண்டு, குறிப்பிட்ட ஒரு திசையில் சிறிதளவு அசைய வேண்டுமானால், கோணங்கள் சிறிதளவு மாறினால் போதாது. பெரிய தாவல் தேவைப்படும்.

ஆய்லர் கோணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிய மூன்று வளையங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளெண்டரின் `XYZ Euler` முறையில் Z வெளி வளையம், Y நடு வளையம், X உள் வளையம். வெளி வளையம் திரும்பினால் உள்ளே இருப்பவை எல்லாம் கூடவே திரும்பும். உள் வளையம் திரும்பினால் விமானம் மட்டும் திரும்பும். நடு வளையத்தை -90-க்குத் திருப்பும்போது உள் வளையத்தின் அச்சு எழுந்து வெளி வளையத்தின் அச்சோடு ஒன்றாகிவிடுகிறது. மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கையில் விமானத்தை உருட்டுவதும் திசை திருப்புவதும் ஒரே அசைவு. கணக்காகச் சொன்னால், Y = -90 ஆகும்போது X-உம் Z-உம் தனித்தனியே எதையும் தீர்மானிப்பதில்லை; இரண்டின் கூட்டுத்தொகைதான் நிலையைத் தீர்மானிக்கிறது. (30, -90, 0), (0, -90, 30), (-60, -90, 90) மூன்றும் ஒரே நிலை. Y = +90 என்றால் கூட்டலுக்குப் பதில் Z - X என்ற கழித்தல்.

மேலே பார்த்த வேடிக்கைக்கும் இதுவே காரணம். (180, -80, 180)-ஐ நோக்கிப் போகையில் கூட்டுத்தொகை 0-விலிருந்து 360-க்கு ஓடியது, அதனால் முழுச் சுற்று. (-180, -80, 180)-ஐ நோக்கிப் போகையில் கூட்டுத்தொகை வழி முழுக்க 0.

இழந்த அசைவு எது? மூக்கு மேலே நிற்கும் விமானத்தை +Y பக்கமாக 10 டிகிரி சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குச் சின்ன அசைவு. கோணங்களிலோ (0, -90, 0) என்பது (-90, -80, 90) ஆகிவிடும். X, Z இரண்டும் எதிரெதிர்த் திசையில் 90 டிகிரி ஓடி, ஒன்றை ஒன்று ரத்து செய்துகொண்ட பிறகுதான் அந்த 10 டிகிரி கிடைக்கிறது. லாக்குக்கு மிக அருகில் கீ வைப்பவர்களின் கிராஃப் எடிட்டரில் X வளைவும் Z வளைவும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராகப் பாய்வது இதனால்தான்.

பெயர் உண்மையான இயந்திர வளையங்களிலிருந்து வந்தது. அப்பல்லோ விண்கலத்தில் திசையறியும் கருவி மூன்று வளையங்களில் தொங்கியது. நடு வளையம் 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். 85 டிகிரி நெருங்கினால் கணினி அந்தக் கருவியின் நிலைநிறுத்தத்தையே கைவிட்டுவிடும். அங்கே லாக் என்றால் கருவி திசை தவறிப்போவது. நமக்கு இடைப்பட்ட பிரேம்கள் கெடுவதோடு சரி.

என் காட்சியில் லாக் வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

3டி வியூபோர்ட்டின் மேல்பட்டையில் `Transform Orientation` பட்டியலைத் திறந்து `Gimbal` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரொட்டேட் கருவியை எடுத்தால் மூன்று வண்ண வளையங்களும் உண்மையில் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே காட்டப்படும். `Local`, `Global` இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தான வளையங்களையே வரைவதால், அவற்றைப் பார்த்து எதுவும் தெரியாது. `Gimbal`-இல் சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் லாக். இயக்கத்தை ஓட்டாமல் பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். வளையங்கள் எந்தப் பிரேமில் நெருங்குகின்றன என்று தெரியும்.

முழுதாகப் படிய வேண்டும் என்பதில்லை. நடுக் கோணம் 70-ஐத் தாண்டியதுமே வளைவுகள் முரண்டு பிடிக்கத் தொடங்கும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். நடுக் கோணம் 90-க்கு எட்டாத தூரத்தில் இருக்க, ஏதேனும் ஒரு வளைவு மட்டும் ஒரே பிரேமில் 179-இலிருந்து -179-க்கு விழுந்தால் அது கிம்பல் லாக் அல்ல. எண் 360-ஐச் சுற்றி மடிந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். மருந்து வேறு வேறு. கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

சுழற்சி வரிசையை மாற்றினால் போதாதா?

பல நேரங்களில் போதும். லாக் எப்போதும் நடு எழுத்தின் அச்சில்தான் வரும். ஆகவே உங்கள் காட்சியில் எந்த அச்சு 90 டிகிரியை ஒருபோதும் தொடாதோ, அதை நடுவில் வையுங்கள். நம் விமானம் வளையம் போடுவதால் Y நடுவில் இருக்கக் கூடாது. அது வளையம் மட்டும் போட்டு, பக்கவாட்டில் திரும்பாது என்றால் `XZY Euler` நன்றாகப் போகும்: நடுவில் Z, அது கிட்டத்தட்ட அசையவே இல்லை.

லாக் மறைந்துவிடாது, இடம் மாறும். வளையம், உருளல், திருப்பம் மூன்றையும் ஒரே காட்சியில் செய்யும் விமானத்துக்கு ஆறு வரிசைகளில் எதுவும் முழுப் பாதுகாப்பு தராது.

வரிசையை முதல் கீ வைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பக்கப் பலகையில் முறையை மாற்றினால் ஏற்கெனவே உள்ள கீக்கள் தாமாக மாறுவதில்லை. பழைய எண்களைப் புதிய வரிசையில் படித்து, பொருள் வேறெங்கோ திரும்பி நிற்கும்.

எழுத்துகளை நம்பி மென்பொருள் விட்டு மென்பொருள் தாவாதீர்கள். பிளெண்டரின் `XYZ` என்பது `Rz · Ry · Rx`. த்ரீ.ஜேஎஸ் நூலகத்தின் `'XYZ'` என்பது `Rx · Ry · Rz`, அதாவது பிளெண்டரின் `ZYX`. யூனிட்டி Z, X, Y என்ற வரிசையில் சுழற்றுகிறது. அங்கே லாக் X-இன் 90 டிகிரியில்.

குவாட்டர்னியனில் உள்ள நான்கு எண்களுக்கு என்ன அர்த்தம்?

எந்தச் சுழற்சியையும் ஓர் அச்சு, அதைச் சுற்றி ஒரு கோணம் என்று சொல்லிவிடலாம். குவாட்டர்னியன் அதைத்தான் எழுதி வைக்கிறது, பாதிக் கோணத்தில்:

```
w = cos(θ/2)
(x, y, z) = sin(θ/2) · (ax, ay, az)
```

10-ஆம் பிரேமில் Y அச்சைச் சுற்றி -80 டிகிரி என்றால் w = cos 40 = 0.766, y = -sin 40 = -0.643, மற்றவை பூஜ்யம். 100 டிகிரி ஏறிய நிலைக்கு (0.643, 0, -0.766, 0). இரண்டும் பார்வைக்கே அருகருகே இருக்கின்றன. செங்குத்துக்கு முன்பும் பின்பும் எண்கள் எங்கும் தாவவில்லை, ஏனென்றால் இங்கே வளையத்துக்குள் வளையம் என்ற அமைப்பே கிடையாது.

வில்லியம் ரோவன் ஹாமில்டன் இதன் பெருக்கல் விதியைக் கண்டது 1843-இல், டப்ளினில். கணினி அசைவூட்டத்துக்குள் இதைக் கொண்டுவந்தது கென் ஷூமேக் 1985-இல் எழுதிய ஆய்வுரை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழியில், சீரான வேகத்தில் போகும் முறைக்கு ஸ்லெர்ப் என்ற பெயர் நமக்குக் கிடைத்ததும் அதில்தான்.

குறுக்கு வழி என்கிறீர்களே, எதில் குறுக்கு? ஆய்லரும் நேர்கோட்டில்தானே போகிறது?

ஆய்லர் நேர்கோட்டில் போவது எண்களின் வரைபடத்தில். பொருள் சுழல்வது அந்த வரைபடத்தில் அல்ல. உலக வரைபடத்தில் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு அதுவே குறைந்த தூரம் என்று சொல்வது போன்றது அது. விமானங்கள் வடக்கே வளைந்து போவது சுற்றிப் போவதற்காக அல்ல. உருண்டை மேல் அதுதான் குறுக்கு. வரைபடத்தில் துருவத்துக்கு அருகே தீர்க்கரேகைகள் நெருங்கிச் சேர்ந்துவிடுவதைக் கோடு கவனிப்பதில்லை. ஆய்லரில் அந்தத் துருவம்தான் லாக்.

லாக் பக்கமே போகாத ஒரு கணக்கைப் பார்ப்போம். முதல் கீ (0, 0, 0), இரண்டாவது (90, 0, 90). ஆய்லரில் நடுப்புள்ளி (45, 0, 45). இந்த வழியில் பொருள் மொத்தம் சுழலும் அளவு ஏறத்தாழ 127 டிகிரி. இரண்டாவது நிலையைக் குவாட்டர்னியனில் எழுதினால் (0.5, 0.5, 0.5, 0.5) என்று அழகாக வரும். w = 0.5 என்றால் பாதிக் கோணம் 60, முழுக் கோணம் 120. அச்சு மூன்று அச்சுகளுக்கும் நடுவே போகும் மூலைவிட்டம். ஸ்லெர்ப் அந்த ஒரே அச்சைப் பிடித்துக்கொண்டு 120 டிகிரி சுழற்றி முடித்துவிடுகிறது. நடுப்புள்ளியில் சரியாக 60 டிகிரி: (0.866, 0.289, 0.289, 0.289). 120-க்குக் குறைவான சுழற்சியில் அந்த நிலையை அடைய வழியே இல்லை.

இதன் அடிப்படை இது. w² + x² + y² + z² = 1 என்பதால் எல்லாச் சுழற்சிகளும் நான்கு பரிமாணக் கோளம் ஒன்றின் மேற்பரப்பில் புள்ளிகளாக அமைகின்றன. அந்தக் கோளத்தில் இரு புள்ளிகளுக்கு இடையிலான கோணம், அந்த இரு நிலைகளுக்கும் இடையிலான சுழற்சியில் சரிபாதி. இது கோளத்தின் எந்த இடத்திலும் மாறாது. துருவம் என்ற கெட்ட இடம் இந்தக் கோளத்தில் இல்லை. ஆகவே கோளத்தின் பெருவட்ட வில் எதுவோ, அதுவே மிகக் குறைந்த சுழற்சி. ஸ்லெர்ப் அந்த வில்லில் சீரான வேகத்தில் நடக்கிறது:

```
cos Ω = q0 · q1
slerp(t) = q0 · sin((1-t)Ω)/sin Ω  +  q1 · sin(tΩ)/sin Ω
```

குவாட்டர்னியனுக்கு மாற்றிவிட்டேன். இப்போது மூக்கு மேலே போகாமல் தரையைப் பார்த்துக் குதிக்கிறது. இதுதான் குறுக்கு வழியா?

குறுக்கு வழி தானாக வருவதில்லை என்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. q-உம் -q-உம் ஒரே நிலை. நான்கு எண்களின் குறிகளையும் ஒருசேர மாற்றினாலும் பொருள் அசையாது. ஆனால் கோளத்தின் மேல் அவை நேரெதிர்ப் புள்ளிகள். முதல் கீயிலிருந்து ஒன்றை நோக்கிப் போனால் குறுக்கு வழி, மற்றதை நோக்கிப் போனால் ஊரைச் சுற்றும் வழி.

நம் விமானமே சாட்சி. 20-ஆம் பிரேமின் (180, -80, 180) கோணங்களைக் குவாட்டர்னியனாக மாற்றுங்கள். (0.643, 0, -0.766, 0) வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது (-0.643, 0, 0.766, 0). 10-ஆம் பிரேமின் (0.766, 0, -0.643, 0)-உடன் இதன் புள்ளிப்பெருக்கம் -0.985. எதிர்மறை என்றாலே நீண்ட வழியில் நிற்கிறோம் என்று பொருள். 15-ஆம் பிரேமில் இரண்டின் சராசரி எடுத்து நீளத்தை 1 ஆக்கினால் (0.707, 0, 0.707, 0) கிடைக்கும்: Y = +90, மூக்கு நேராகத் தரையை நோக்கி. 20 டிகிரி போக வேண்டியவர் 340 டிகிரி சுற்றி வருகிறார்.

பெரும்பாலான ஸ்லெர்ப் நிரல்கள் புள்ளிப்பெருக்கம் எதிர்மறையாக இருந்தால் ஒன்றின் குறியை மாற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகின்றன. பிளெண்டரின் `Quaternion.slerp()` அப்படித்தான். ஆனால் பிளெண்டரின் கீஃப்ரேம்கள் அந்த வழியாகப் போவதில்லை. W, X, Y, Z நான்கும் நான்கு தனி வளைவுகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் போகிறது, குறியை யாரும் சரிபார்ப்பதில்லை.

எலும்புகளுக்குக் கைவசம் ஒரு கட்டளை இருக்கிறது. போஸ் முறையில் கெட்ட கீ இருக்கும் பிரேமுக்குப் போய், F3 தட்டி `Flip Quats` என்று தேடி ஓட்டுங்கள். நிலை மாறாது, நான்கு குறிகளும் மாறும். பிறகு மறக்காமல் சுழற்சிக்கு மீண்டும் கீ வையுங்கள். அதற்குப் பின் வரும் கீக்களும் பழைய குறியிலேயே இருந்தால் பிரச்சினை அடுத்த இடைவெளிக்கு நகர்ந்துவிடும், ஆகவே வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பொருள்களுக்கு ஸ்கிரிப்ட்தான் எளிது. இது ஆய்லர் கீக்களைப் படித்து, குவாட்டர்னியனுக்கு மாற்றி, குறியையும் சரிசெய்து எழுதுகிறது:

```python
import bpy
ob, sc = bpy.context.object, bpy.context.scene
keys = (10, 20)
quats = []
for f in keys:
    sc.frame_set(f)
    quats.append(ob.rotation_euler.to_quaternion())

ob.rotation_mode = 'QUATERNION'
prev = None
for f, q in zip(keys, quats):
    if prev is not None and prev.dot(q) < 0:
        q.negate()
    ob.rotation_quaternion = q
    ob.keyframe_insert("rotation_quaternion", frame=f)
    prev = q
```

`keys`-இல் உங்கள் கீ இருக்கும் பிரேம் எண்களை ஏறுவரிசையில் கொடுங்கள். ஒவ்வொரு கீயும் அதற்கு முந்தைய, ஏற்கெனவே திருத்தப்பட்ட கீயோடுதான் ஒப்பிடப்பட வேண்டும். முதல் கீயோடு அல்ல.

அப்படியானால் பிளெண்டர் செய்வது ஸ்லெர்ப் இல்லையா?

இல்லை. நான்கு வளைவுகளின் மதிப்புகளையும் எடுத்து, கடைசியில் நீளத்தை 1 ஆக்குகிறது. வளைவுகள் `Linear` ஆக இருந்தால் பாதை ஸ்லெர்ப் போகும் அதே வில்தான், வேகம் மட்டும் மாறும்: ஓரங்களில் மெதுவாக, நடுவில் வேகமாக. கீக்களுக்கு இடையே 90 டிகிரி என்றால் கால்பங்கு நேரம் முடிகையில் 22.5-க்குப் பதில் 21.6 டிகிரி, கண்ணுக்குத் தெரியாது. 180 டிகிரி என்றால் 45-க்குப் பதில் 36.9, தெரியும். நடுவே ஒரு கீ சேர்த்தால் சரியாகிவிடும்.

இதனால் இன்னோர் எச்சரிக்கை: கிராஃப் எடிட்டரில் நான்கில் ஒரு வளைவின் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். அச்சே மாறி, பொருள் தள்ளாடும்.

புரொப்பெல்லருக்கு 0, 360 என்று இரண்டு கீ வைத்தேன். கேம் என்ஜினில் அது சுழலவே இல்லை.

குறுக்கு வழிக்கு நீங்கள் கொடுக்கும் விலை இது. 0-உம் 360-உம் ஒரே நிலை. ஒரே நிலைக்குப் போகக் குறுக்கு வழி சும்மா நிற்பதுதான். 0-விலிருந்து 270 என்று வைத்தால் 90 டிகிரி பின்னோக்கிச் சுழலும். என்ஜினுக்குக் கொண்டுபோகும் `glTF` கோப்பில் சுழற்சி இயக்கம் எப்போதும் குவாட்டர்னியன்தான், அதன் `LINEAR` முறை குறுக்கு வழி ஸ்லெர்ப் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. ஆகவே ஆய்லரில் சுழன்றது அங்கே போய் நிற்கும்.

கீக்களுக்கு இடையே 180 டிகிரிக்குக் குறைவாக வையுங்கள். சரியாக 180 வைத்தால் எந்தப் பக்கம் சுழலும் என்பதே தசமப் பிழையின் கையில். 0, 120, 240, 360 என்று நான்கு கீ பாதுகாப்பானது. பிளெண்டர் ஏற்றுமதியில் ஒவ்வொரு பிரேமையும் மாதிரி எடுக்கும் தெரிவு இயக்கத்தில் இருந்தால் இதை அதுவே செய்துவிடும். ஆனால் அப்போதும் ஒரு பிரேமுக்கு 180 டிகிரிக்கு மேல், 360-க்குள் சுழலும் புரொப்பெல்லர் பின்னோக்கித்தான் சுழலும்.

ஒரே அச்சில் பல சுற்றுச் சுழலும் சக்கரம், திருகு, கடிகார முள் ஆகியவற்றுக்குப் பிளெண்டருக்குள் ஆய்லரை விட்டு விலகவே வேண்டாம். 3600 என்று ஒரே எண்ணில் பத்துச் சுற்றைச் சொல்லக் குவாட்டர்னியனால் முடியாது.

கேமராவுக்கும் குவாட்டர்னியன் வைத்துவிடலாமா?

வைத்தால் அடிவானம் சாயும். மிகக் குறைந்த சுழற்சி என்பது அடிவானத்தை மதிக்கும் சுழற்சி அல்ல. கேமரா நேராகப் பார்க்கும் (90, 0, 0)-இலிருந்து, 90 டிகிரி திரும்பி 45 டிகிரி கீழே பார்க்கும் (45, 0, 90)-க்குப் போகிறது என்று வையுங்கள். இரண்டு கீயிலும் அடிவானம் மட்டமாக இருக்கிறது. குவாட்டர்னியன் வழியின் நடுப்பிரேமில் அது ஏறத்தாழ 10 டிகிரி சாய்ந்திருக்கும். ஆய்லரில் Y வளைவு 0-வை விட்டு நகராததால் சாயவே சாயாது. அதே `XYZ Euler` கேமராவுக்கு நன்றாகவே பொருந்துகிறது: லாக் வர Y 90 ஆக வேண்டும், கேமராவை அந்த அளவு யாரும் புரட்டுவது அரிது.

ஆய்லரிலேயே முடித்தாக வேண்டும். கெட்டுப்போன வளைவுகளை மீட்க வழி உண்டா?

முதலில் எது கெட்டது என்று பாருங்கள். ஒரு வளைவு மட்டும் 360 தாவியிருந்தால், கிராஃப் எடிட்டரில் சுழற்சி வளைவுகளைத் தேர்ந்தெடுத்து F3 தட்டி `Discontinuity (Euler) Filter` ஓட்டுங்கள். அது முடிந்தவரை தாவலைச் சமன்செய்துவிடும்.

X, Z இரண்டும் ஒரே பிரேமில் 180 தாவி, Y வளைவு 90-ஐத் தொடப் போய் முட்டித் திரும்பியது போல் இருந்தால் அது நம் விமானத்தின் கதை. அந்தக் கீயில் X-உடனும் Z-உடனும் 180 கூட்டுங்கள், Y-க்குப் பதில் 180 - Y எழுதுங்கள். (180, -80, 180) என்பது (360, 260, 360) ஆகும். ஒவ்வொன்றிலும் 360 கழித்தால் (0, -100, 0). தாவலுக்குப் பின் வரும் எல்லாக் கீக்களுக்கும் இதையே செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பிளெண்டரின் பைத்தானிடம் விடுங்கள். முந்தைய கோணத்தை இரண்டாவது அளவுருவாகக் கொடுத்தால் இரண்டு விடைகளில் அருகில் இருப்பதை அதுவே தேர்ந்தெடுக்கும்:

```python
e = q.to_euler('XYZ', prev_e)
```

ஒவ்வொரு பிரேமின் விடையையும் அடுத்த பிரேமுக்கு `prev_e` ஆகக் கொடுத்துக்கொண்டே போங்கள். பாதை -90-ஐ அச்சொட்டாகத் தொடும் பிரேம் இருந்தால் அதை மட்டும் பட்டியலிலிருந்து விட்டுவிடுங்கள். அங்கே X-உம் Z-உம் எப்படிப் பிரிந்தாலும் சரியே என்பதால், அந்த ஒரு கீ வளைவில் காரணமில்லாத முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கலாம்.